டீ போடு, பூட்டுப் போடு

எதிர்வீட்டுத் தம்பிக்கு பர்சிங்சருக்கு மாற்றல் வரும்போல் இருக்கிறது. ராஜஸ்தானின் பிகானேர் மாவட்டத்தில் இருக்கிற ஊர். அங்கே என்.எல்.சி.க்கு ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் உண்டு. கான்பூர் பக்கத்துக் கட்டம்பூரிலும் வேலை இருக்கிறது. நெய்வேலி நகரியத்தில் ஹிந்தியைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஆர்டர் கைக்கு வந்த அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கிவிடுவார்கள்.

தம்பியும் வாங்கியிருந்தார். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஹிந்தி, நடுவே சமக்குறி. வீடு = கர். தண்ணீர் = பானீ. மாம்பழம் = ஆம். போடு = டால்னா. ஓடு = தௌட்னா. பறவைகள், பழங்கள், உறவுமுறைகள் என்று பக்கம் பக்கமாக. தினமும் முதல் ஷிப்ட் முடிந்து வந்து மனப்பாடம் செய்கிறார். "இவ்வளவு வார்த்தை தெரியுதுண்ணே, வாயத் தொறந்தா ஒரு வாக்கியம் வரமாட்டேங்குது" என்றார். டீ வந்தது. டீயை வைத்தே ஆரம்பித்தேன்.

"ஒரு டீ போடுங்க" என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வீர்கள்? நோட்டு சொல்கிறபடி போடு என்றால் டால்னா. ஆகவே "சாய் டாலோ". கேட்கிறவர் கோப்பையில் டீயை ஊற்றுவார், அல்லது கொதிக்கிற தண்ணீரில் டீத்தூளைக் கொட்டுவார். அடுப்பைப் பற்றவைத்துப் புதிதாக ஒரு டீ தயாராக வேண்டும் என்றால் அங்கே "சாய் பனாவோ" என்பார்கள். பனானா என்றால் செய்வது, உருவாக்குவது.

சரி, ஃபேன் போட வேண்டும். "பங்கா சலாவோ". ஓட்டு என்கிற வினை. லைட் போட வேண்டும். "பத்தீ ஜலாவோ". எரியவை என்கிற வினை. கையெழுத்துப் போட "சைன் கரோ". சட்டை போட "கமீஜ் பஹனோ". சத்தம் போடாதே என்பதற்கு "ஷோர் மத் மசாவோ". இந்த மசானா என்கிற வினை கூச்சல், கலாட்டா மாதிரியான சில சொற்களோடுதான் பெரும்பாலும் வரும். கோழி முட்டை போடுகிறது என்றால் அண்டா "தேதீ ஹை", அதாவது கொடுக்கிறது. பூட்டுப் போடு, ஊசி போடு, போன் போடு, அட்டெண்டன்ஸ் போடு, இந்த நாலுக்கும் ஒரே வினை: தாலா லகாவோ, சூயீ லகாவோ, ஃபோன் லகாவோ, ஹாஜிரீ லகாவோ.

இத்தனைக்கும் நடுவில் நோட்டில் இருந்த டால்னா எங்கே போயிற்று? இருக்கிறது. குழம்பில் உப்புப் போடு என்றால் "நமக் டாலோ" சரிதான். ஓட்டுப் போடுவதற்கும் "வோட் டால்னா" என்பது வழக்கம்தான். இதுதான் வம்பு. எப்போதுமே தப்பாக இருந்திருந்தால் அந்தச் சமக்குறியை என்றைக்கோ அழித்திருப்போம். இரண்டு இடத்தில் பலித்துவிடுவதால் அதை நம்பி மிச்ச இடங்களிலும் போடுகிறோம்.

கவனித்தால் ஒன்று தெரியும். தமிழில் "போடு" என்பதற்குத் தனியாக நிற்கும்போது பெரிதாக ஒரு பொருளும் இல்லை. பூட்டோடு சேரும்போது ஒன்று, முட்டையோடு சேரும்போது வேறொன்று. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை (முதல் பதிப்பு 1992) எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்திருப்பார்கள். போடு மாதிரியான ஒரு வினையின் பொருளை வேறு எந்த வகையிலும் பிரித்துக் காட்ட முடியாது. நாம் அந்த வாக்கியத்தை உதறிவிட்டு, வினையை மட்டும் உருவி எடுத்துச் சமக்குறி போட்டுக்கொள்கிறோம்.

"அப்ப மூளைக்குள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார் தம்பி.

இதைப் பற்றி ஜியாங் என்கிற மொழியியலாளர் 2000-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொல்வதை நம் பாஷையில் சொன்னால் இப்படி வரும். ஒரு சொல்லோடு அதன் ஒலி, எழுத்து மட்டும் மனத்தில் பதிவதில்லை. அது எதனோடு சேரும், எந்த வேற்றுமை உருபை வாங்கும், எந்த இடத்தில் உட்காரும் என்கிற நடத்தையும் பதிந்திருக்கும். வளர்ந்தபின் இன்னொரு மொழியைக் கற்கும்போது ஒலியும் எழுத்தும் புதிதாகப் பதிகின்றன. நடத்தை இருக்க வேண்டிய இடத்தில் தாய்மொழிச் சொல்லின் நடத்தையே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தம்பியின் மனத்தில் டால்னா என்கிற ஹிந்தி ஒலி இருக்கிறது. அதற்குள்ளே குடியிருப்பது தமிழ்ப் "போடு". பல சொற்கள் இந்த நிலையிலேயே நின்றுவிடும், அந்த மொழி பேசுகிற ஊரில் வருஷக்கணக்கில் இருந்தாலும் நகராது என்பது ஜியாங்கின் வாதம்.

நெய்வேலியிலேயே இதற்கு ஒரு சோதனை உண்டு. இங்கே நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இராப்பகலாகப் பம்ப் வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். ஆகவே "பம்ப் ஓடுதா?" என்பது இந்த ஊரில் அடிக்கடி கேட்கிற கேள்வி. தம்பியின் நோட்டுப்படி "பம்ப் தௌட் ரஹா ஹை க்யா?" கேட்கிற ராஜஸ்தான்காரர் மனத்தில் காலும் கையும் முளைத்த ஒரு பம்ப் தோன்றும். பையன் ஓடினால்தான் தௌட்னா. பம்ப் ஓடினால் "சல் ரஹா ஹை". கடிகாரம், பஸ், சினிமா, டீக்கடை வியாபாரம், வாழ்க்கை, எல்லாமே அங்கே சல்னாதான். வேடிக்கை என்னவென்றால், சல்னாவைத் தம்பி வேறொரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்: நட = சல்னா. அந்தச் சொல் தெரியும். பம்ப் என்றதும் வராது. ஏனென்றால் பம்போடு சேர்த்து அதை அவர் ஒருநாளும் எழுதவில்லை.

சுரங்கத்துக்குப் போகிறவருக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பர்சிங்சரில் பம்புக்கு பம்ப் என்றுதான் பெயர். பெல்ட், கன்வேயர், ஷிப்ட், ஹெல்மெட், மோட்டார், கேபிள், பேரிங், எல்லாம் அப்படியே. அதாவது வேலைக்கு வேண்டிய பெயர்ச்சொற்களில் பாதிக்கு மேல் அவர் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதவை வினைகள்தான். அதுவும் நூற்றுக்கணக்கில் இல்லை. கர், ஹோ, ஜா, ஆ, லகா, லக், சல், சலா, தே, லே, டால், நிகால், ரக், பனா என்று ஒரு கைப்பிடி. இந்தக் கைப்பிடி எந்தப் பெயரோடு எப்படிச் சேரும் என்பதுதான் பாடம். தம்பியோ பறவைகளின் பெயர்களில் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே நான் ஒரு கட்சி எடுத்துக்கொள்கிறேன். மொழி வகுப்பில் தாய்மொழியே கூடாது, நேராக அந்த மொழியிலேயே யோசி என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. குழந்தைக்குச் சரி. முப்பது வயது ஆளிடம் தமிழை மறந்துவிட்டு யோசி என்றால் அவர் யோசிப்பதையே நிறுத்திவிடுவார். தமிழ் குறுக்கே நிற்பதில்லை. சொல் சொல்லாக வெட்டிய தமிழ்தான் குறுக்கே நிற்கிறது. முழுத் தொடராக எடுத்துப்போனால் அதே தமிழ் தோள் கொடுக்கும், ஹிந்திக்குப் போகிறவருக்கு முக்கியமாக.

எப்படி என்று பாருங்கள். "தூக்கம் வருது": நீந்த் ஆ ரஹீ ஹை. "கோபம் வருது": குஸ்ஸா ஆ ரஹா ஹை. "சிரிப்பு வருது": ஹஸீ ஆ ரஹீ ஹை. மூன்றிலும் தமிழில் வா, ஹிந்தியிலும் வா. "எனக்குப் பிடிக்கும்": முஜே பசந்த் ஹை. "எனக்குத் தெரியும்": முஜே பதா ஹை. "எனக்கு" அப்படியே "முஜே" ஆகிறது. "எனக்கு ஹிந்தி வராது" என்று நாம் சொல்வோம் அல்லவா? அவர்களும் "முஜே ஹிந்தீ நஹீ ஆதீ" என்கிறார்கள், எனக்கு ஹிந்தி வராது என்றே. ஆங்கிலத்தின் வழியாக ஹிந்தி படிக்கிறவருக்கு இந்த அமைப்பைப் புரியவைக்க ஒரு வகுப்பு வேண்டும். தமிழருக்கு ஒரு மடக்கு டீ போதும்.

இன்னும் உண்டு. "சாப்பிட்டு வா": காகர் ஆவோ. "எழுதிக் கொடு": லிக் தோ. "எழுதிக்கொள்": லிக் லோ. "வந்துவிட்டான்": ஆ கயா. நம்முடைய கொடு, கொள், விடு செய்கிற வேலையை அங்கே தே, லே, ஜா செய்கின்றன. சுரங்கத்துப் பேச்சில் "ஸ்டார்ட் பண்ணு" என்றால் "ஸ்டார்ட் கரோ". "ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றால் "ஸ்டார்ட் ஹோ கயா". "டிரிப் ஆயிடுச்சு" என்றால் "டிரிப் ஹோ கயா". ஆங்கிலச் சொல்லை வாங்கி, செய்வதற்குப் பண்ணு, தானாக நடப்பதற்கு ஆகு என்று நாம் ஒட்டவைக்கிற அதே முறையில் அவர்கள் கர், ஹோ என்று ஒட்டவைக்கிறார்கள். "டீ கீ ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்பதற்குக்கூட அங்கே "சாய் வாய்" இருக்கிறது.

இது தற்செயல் இல்லை. திராவிட மொழிகளும் வடக்கத்தி மொழிகளும் வெவ்வேறு குடும்பங்கள். ஆனால் பல தலைமுறை பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததில் ஒன்றின் நடை மற்றொன்றில் ஏறியிருக்கிறது. மரே எமனோ என்கிற அறிஞர் இந்தியாவையே ஒரு மொழிப்பகுதியாகப் பார்க்க வேண்டும் என்று 1956-இல் எழுதினார். டீ கீ வகை இரட்டைச் சொற்களையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார். நெய்வேலி நிறுவனம் பதிவானதும் அதே 1956-இல்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தேதியை நினைவில் வைக்க உதவும், அவ்வளவுதான்.

இனி வேகத்தைப் பற்றி. "கரண்ட் போயிடுச்சு" என்று சொல்ல வேண்டும். சொற்பட்டியல்காரர் என்ன செய்வார்? மின்சாரத்துக்கு பிஜ்லீ என்று தேடி எடுப்பார். போ என்பதற்கு ஜானா. நடந்து முடிந்ததால் கயா. "பிஜ்லீ கயா". இப்போது பிஜ்லீ பெண்பால் என்பது நினைவுக்கு வந்தால் கயீ என்று திருத்துவார். "விடு" என்கிற அழுத்தத்துக்கு என்ன செய்வது என்று அடுத்த யோசனை. அதற்குள் கரண்டே திரும்பி வந்துவிடும். முழுத் தொடராகக் கற்றவர் "பிஜ்லீ சலீ கயீ" என்பதை ஒரே மூச்சில் எடுத்துப் போடுகிறார். வந்தால் "பிஜ்லீ ஆ கயீ". தேடல் ஒன்றுதான், ஒட்டுவேலை இல்லை.

இதில் பால் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். தமிழில் அஃறிணைக்கு ஆண், பெண் கிடையாது. ஹிந்தியில் டீ பெண், பம்ப் ஆண், பஸ் பெண், காய்ச்சல் ஆண். பட்டியலில் "பூக் = பசி" என்று எழுதினால் அது தெரியவே வழியில்லை. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு (பெ) என்று எழுதிவைப்பார்கள். பேசும்போது அந்த அடைப்புக்குறி வராது. "பூக் லகீ ஹை" என்று கற்றவருக்குப் பால் லகீயிலேயே இருக்கிறது. நாக்குக்கே தெரிந்துவிடும்.

ஆங்கிலம் கற்பிக்கிற உலகத்தில் இது பழைய சங்கதி. ஹெரால்ட் பாமர் என்பவர் தோக்கியோவில் இருந்துகொண்டு, ஜப்பானிய மாணவர்களுக்காக ஆங்கிலச் சொற்சேர்க்கைகளை ஆயிரக்கணக்கில் திரட்டி 1933-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். உறுப்புகளைத் தனித்தனியாகக் கற்று ஒட்டினால் சரியாக வராதவற்றை மொத்தமாகவே கற்க வேண்டும் என்பது அவர் கட்சி. நம் ஊர் வழிகாட்டிப் புத்தகங்கள் இன்னும் பறவைகள், பழங்களில் இருக்கின்றன.

"சரிண்ணே, நோட்ட எப்படி மாத்தி எழுதுறது?" என்றார் தம்பி. இரண்டாவது டீ சொன்னோம்.

இடப்பக்கம், நாளைக்கு வேலையில் உண்மையாகவே வாயிலிருந்து வரப்போகும் தமிழ் வாக்கியத்தைப் பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டும். "பெல்ட் நின்னுடுச்சு", "யாருக்குப் போன் போடணும்?", "கொஞ்சம் தள்ளுங்க". வலப்பக்கத்தைத் தானாக நிரப்பக் கூடாது. இதுதான் முக்கியம். அகராதியைப் பார்த்து நாமே கட்டினால் மறுபடியும் தமிழ் நடத்தைக்கு ஹிந்திச் சட்டை மாட்டியதாகத்தான் ஆகும். ஹிந்தி பேசுகிற ஒருவரிடம் கேட்க வேண்டும். "இதற்கு ஹிந்தியில் என்ன" என்று சொல்லைக் காட்டிக் கேட்டால் அவரும் ஒரு சொல்லைத்தான் தருவார். நிலைமையைச் சொல்லிக் கேட்க வேண்டும்: பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது, கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பெல்ட் பந்த் ஹோ கயீ" என்பார், அல்லது "பெல்ட் ருக் கயீ". இரண்டையும் எழுதிக்கொள்ளலாம். நகரியத்தில் ஹிந்திக்காரர்களுக்குப் பஞ்சமில்லை; ஒப்பந்த வேலைக்கு வந்தவர்களும் அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு வாக்கியம் போதும். அடுத்த நாள் வலப்பக்கத்தை மூடிக்கொண்டு தமிழைப் பார்த்து ஹிந்தியைச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்தை மூடிக்கொண்டு ஹிந்தியைத் தமிழாக்குவது எளிது. அதில் தேறிவிட்டோம் என்று மகிழ்ந்துபோவது சகஜம், அதனால் பேச்சு வராது. பிறகு ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். "பெல்ட் பந்த் ஹோ கயீ" வந்துவிட்டது. மோட்டார் பந்த் ஹோ கயீ. பம்ப் பந்த் ஹோ கயா. நில்லுங்கள், பம்ப் ஏன் ஆணாக மாறிற்று? இப்படி இடறும் இடத்தில்தான் புதிதாக ஒன்று ஏறுகிறது. இந்த மாற்றிப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டால் தொடரும் ஒரு நீளமான சொல்லாக உறைந்துபோகும். ரயில்வே ஒலிபெருக்கியை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்தவர் பிளாட்பாரம் எது என்று கேட்கத் திணறுகிற கதையாகிவிடும்.

தவறாகச் சொல்கிறோம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? யாரும் திருத்த மாட்டார்கள்; அது மரியாதை. ஆனால் நாம் சொன்னதைப் புரிந்துகொண்டு வேறு வடிவத்தில் திருப்பிச் சொல்வார்கள். "பம்ப் தௌட் ரஹா ஹை?" என்று கேட்டால் "ஹா, பம்ப் சல் ரஹா ஹை" என்று பதில் வரும். பதில் கிடைத்துவிட்டது என்று போனை வைத்துவிடுகிறோம். திருத்தம் அந்தப் பதிலுக்குள் இருந்தது. வினை மாறியிருக்கிறதா என்று காது கொடுத்தால் நோட்டுக்கு அன்றைய வாக்கியம் கிடைத்துவிடும்.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்கள், கிழமைகள், மளிகைச் சாமான், மருந்துக்கடையில் கேட்க வேண்டியவை, இவற்றுக்குச் சமக்குறி போதும். ஒரு மாலையில் ஏறிவிடும். உப்பு எங்கே போனாலும் உப்புதான். அடிக்கடி வந்து பலரோடு சேர்கிற வினைகளுக்குத்தான் சமக்குறி ஆகாது.

தமிழ்த் தொடர் கைகொடுக்காத இடமும் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒன்று ஒலி. தமிழ் எழுத்தில் கானா என்று எழுதினால் அது சாப்பாடா, பாட்டா என்று தெரியாது. ஹிந்தியில் இரண்டும் வேறு ஒலிகள். நோட்டு அதைக் காட்டாது. வாக்கியத்தை வாங்கும்போதே சொன்னவரைப் போனில் பேசவைத்துப் பதிவு செய்துகொள்வதுதான் வழி.

இன்னொன்று கொஞ்சம் சிக்கல். "நான் டீ குடிக்கிறேன்" என்பது "மை சாய் பீதா ஹூ". தம்பி ஆண் என்பதால் பீதா. இதுவரை தமிழ்க் கண்ணுக்குப் பழக்கமான ஏற்பாடுதான், எழுவாயைப் பார்த்து வினை மாறுகிறது. "நான் டீ குடிச்சேன்" என்று முடிந்துபோன செயலாகச் சொன்னால் "மைனே சாய் பீ". குடித்தது ஆண், வினை பெண்பால். அது டீயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் ஆண்பால் என்பதால் தண்ணீர் குடித்திருந்தால் "மைனே பானீ பியா". ஒரு பெண் சொன்னாலும் இதே "பியா"தான். நானோடு ஒட்டியிருக்கிற அந்த "னே" செய்கிற வேலைக்குத் தமிழில் இணையே கிடையாது. எத்தனை தொடர்களை இணைத்தாலும் இது தானாகப் பிடிபடாது. இதற்கு மட்டும் இலக்கணத்தை ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். தம்பி நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்கி, பார்த்தேன், சாப்பிட்டேன், வாங்கினேன் என்று மூன்று வினைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆண்பால் பொருளையும் ஒரு பெண்பால் பொருளையும் எழுதி வைத்திருக்கிறார். வலப்பக்கம் இன்னும் காலி. செகண்ட் ஷிப்ட் முடிந்து வருகிற பீகார்க்காரர் ஒருவரிடம் கேட்கப் போகிறார்.